26 சீட்டுகளிலிருந்து ஒரு டூர் கணக்கு

தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது. அக்டோபர் 13, திங்கட்கிழமை காலை, எங்கள் சேல்ஸ் தம்பி ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "அக்கா, போன வார டூர் பில் எல்லாம் இதுல இருக்கு. தீபாவளிக்குள்ள பணம் வந்துடுமா?" என்றார். கவரோடு அவர் கையால் எழுதிய கிளெய்ம் படிவமும் இருந்தது. மொத்தம் 11,956 ரூபாய். புறப்படும்போது அட்வான்ஸ் வாங்கியது 6,000.

எங்கள் அலுவலகம் கும்பகோணத்தில். நெல் விதையும் நுண்ணூட்ட உரமும் டெல்டா முழுக்க டீலர்களுக்கு அனுப்புகிறோம். அக்டோபர் முதல் பாதியில் ஒரு பக்கம் குறுவை அறுவடை, மறு பக்கம் சம்பா நடவு. அந்த நேரத்தில் சேல்ஸ் ஆட்கள் யாரும் ஊரில் இருக்க மாட்டார்கள். இந்தத் தம்பி 6-ஆம் தேதி திங்கள் காலை பைக்கில் கிளம்பி மயிலாடுதுறை, காரைக்கால், நாகப்பட்டினம், வேதாரண்யம், மன்னார்குடி என்று ஊருக்கு ஓர் இரவு தங்கி, 11-ஆம் தேதி சனிக்கிழமை காலை 11 மணிக்குத் திரும்பினார். ஆறு நாள், ஐந்து இரவு.

டூர் பில் கணக்கில் புதிதாக வேலைக்கு வருபவர்கள் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். எல்லா சீட்டையும் கூட்டி, மொத்த வரம்பையும் கூட்டி, இரண்டையும் ஒப்பிட்டுவிட்டு "வரம்புக்குள்தான் இருக்கிறது" என்று கையெழுத்துப் போடுகிறார்கள். ஆனால் எங்கள் விதியில் வரம்பு ஓர் இரவுக்கும் ஒரு நாளுக்கும் எழுதியிருக்கிறது, மொத்த டூருக்கு இல்லை. இந்தக் கவரை நான் எப்படிப் பிரித்தேன் என்பதை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

எங்கள் விதி இரண்டு பக்கம்தான். இந்த டூருக்குத் தேவையானது இவ்வளவு: தங்கும் அறைக்கு மாவட்டத் தலைநகரில் ஓர் இரவுக்கு 1,200, மற்ற ஊரில் 900. இரண்டும் வரிக்கு முந்தைய வாடகை. அனுமதித்த வாடகைக்கு உரிய வரி தனியாகக் கிடைக்கும். சாப்பாட்டுக்கு ஆன செலவு, நாளுக்கு அதிகபட்சம் 400; மதியம் 12-க்கு முன் ஊர் திரும்பினால் அந்த நாளுக்கு 200. சொந்த பைக்குக்குக் கிலோமீட்டருக்கு 4 ரூபாய். ரசீது கிடைக்காத செலவுக்கு, காரணம் எழுதிக் கையெழுத்திட்டால் ஒரு தடவைக்கு 100 வரை.

முதலில் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. கவரை மேசையில் கொட்டி, சீட்டுகளை நாள்வாரியாக அடுக்கினேன். மொத்தம் 26. லாட்ஜ் பில் 5, கார்டு மெஷின் சீட்டு 1, சாப்பாட்டு பில் 15, பெட்ரோல் பில் 3, கூரியர் ஒன்று, ஜெராக்ஸ் ஒன்று. ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலால் வரிசை எண் போட்டேன். பிறகு ஷீட்டில் ஏற்றும்போது அதே எண்ணைப் போட்டால், ஆறு மாதம் கழித்து ஆடிட்டர் கேட்டாலும் வரியைப் பார்த்து சீட்டை உருவிக் காட்டலாம்.

அடுக்கும்போதே தெரிந்தது, நான்கைந்து சாப்பாட்டு பில்கள் வெளுத்துக்கொண்டிருந்தன. இவை வெப்பத்தால் எழுத்து விழும் தாள்கள். மை கிடையாது, தாளின் மேல் பூசிய ரசாயனம் சூட்டில் கறுப்பதுதான் எழுத்து. அதனால் வெயில், வியர்வை, எண்ணெய்க் கை, சில வகை பிளாஸ்டிக் கவர் எல்லாமே எழுத்தை அழித்துவிடும். தம்பி ஆறு நாளும் பைக்கின் டேங்க் கவருக்குள் பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்திருந்தார். மழையிலிருந்து காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார், ஆனால் அதுவே கெடுதலாகிவிட்டது. இந்தத் தாளை லேமினேட் செய்யவும் கூடாது, சூடு பட்டு முழுத் தாளும் கறுத்துவிடும். எழுத்தின் மேல் செல்லோடேப் ஒட்டினாலும் சில மாதத்தில் அந்தப் பட்டை மட்டும் வெளுத்துப்போகும். பின்பக்கம் கோந்து தடவினாலும் எழுத்து மங்குவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் நான் ஏ4 தாளில் ஓரத்தில் மட்டும் ஸ்டேப்ளர் அடித்து, அன்றே தாள் முழுவதையும் ஸ்கேன் எடுத்துவிடுவேன். அசல் அழிந்தாலும் நகல் நிற்கும்.

புதன்கிழமை மதிய பில் ஒன்று கிட்டத்தட்ட வெள்ளைத் தாளாகவே இருந்தது. போனில் படம் எடுத்து மாறுபாட்டைக் கூட்டினால் ஓட்டலின் பெயரும் "மொத்தம்" என்ற சொல்லும் தெரிந்தன, தொகை தெரியவில்லை. தம்பியின் யூபிஐ கணக்கில் அந்த நாளைத் தேடினோம். மதியம் 1:52-க்கு அதே ஓட்டல் பெயரில் 130 ரூபாய். அந்தப் பக்கத்தை அச்சிட்டு வெளுத்த பில்லோடு சேர்த்து அடித்தேன். பணம் போனதை மட்டும்தான் யூபிஐ காட்டும், எதற்குப் போனது என்று காட்டாது. கடையின் பெயர் பில்லிலும் இருந்ததால் இரண்டும் சேர்ந்து ஏற்கும்படி ஆயிற்று. யூபிஐ பக்கம் மட்டும் இருந்திருந்தால் ரசீது இல்லாத செலவாகத்தான் போட்டிருப்பேன்.

அடுத்து, ஒரே செலவுக்கு இரண்டு காகிதம் இருக்கிறதா என்று பார்த்தேன். செவ்வாய் இரவு தங்கிய காரைக்கால் லாட்ஜ் பில் 1,365. கார்டு மெஷினில் வந்த சீட்டும் 1,365. தம்பியின் படிவத்தில் இரண்டும் தனித்தனி வரியாக ஏறியிருந்தன. மோசடி என்று நினைக்க ஒன்றுமில்லை. வந்த காகிதத்தையெல்லாம் வரிசையாக எழுதினால் இப்படித்தான் ஆகும். தேதியும் தொகையும் ஒன்றாக இருந்தால் உடனே நேரத்தைப் பார்க்க வேண்டும். லாட்ஜ் பில்லில் காலை 7:40, கார்டு சீட்டில் 7:42. ஒருவர் ஒரே லாட்ஜில் இரண்டு நிமிட இடைவெளியில் இரண்டு அறைக்குப் பணம் கட்ட மாட்டார். பில் செலவுக்கான ஆவணம், சீட்டு பணம் கட்டியதற்கான ஆவணம். இரண்டையும் சேர்த்து அடித்து, ஒரே வரிசை எண்ணைக் கொடுத்தேன். அதிலேயே 1,365 குறைந்தது.

பெட்ரோல் பில் மூன்றும் சேர்ந்து 900 ரூபாய். படிவத்தில் கிலோமீட்டர் கணக்கும் இருந்தது: கிளம்பும்போது மீட்டர் 28,412, திரும்பியபோது 28,866. இரண்டுக்கும் படம் இருந்தது. 454 கிலோமீட்டர், 4 ரூபாய் வீதம் 1,816. இங்கேதான் தம்பிக்கு வருத்தம்.

"அக்கா, பெட்ரோல் என் கைக்காசுதானே? பில்லும் இருக்கே?"

"தம்பி, அந்த 4 ரூபாய்க்குள்ளயே பெட்ரோல் இருக்குப்பா" என்று சொல்லி, கணக்குப் போட்டுக் காட்டினேன். அவருடைய வண்டி லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கிறது. லிட்டர் 100 ரூபாயை ஒட்டி என்றால் கிலோமீட்டருக்கு 2 ரூபாய்தான் பெட்ரோல். மீதி 2 ரூபாய் டயர், ஆயில், சர்வீஸ், வண்டியின் தேய்மானம். பெட்ரோல் பில்லையும் கொடுத்தால் அதே பெட்ரோலுக்கு இரண்டு தடவை பணம் போகும். அவர் ஒப்புக்கொண்டார். ஆனாலும் பெட்ரோல் பில்லைத் தூக்கிப் போடவில்லை. வழியைச் சரிபார்க்க அதைவிட நல்ல சாட்சி கிடையாது. மூன்றில் ஒன்று காரைக்காலில் போட்டது. அங்கே லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு, எல்லையோரத்தில் போகிறவர்கள் எல்லாரும் அங்கே நிரப்பிக்கொண்டுதான் வருவார்கள். அந்த பில்லின் தேதியும் செவ்வாய்தான். வழி சரி.

கிலோமீட்டரையும் ஒரு தடவை சோதித்தேன். ஊருக்கு ஊர் தூரத்தை மேப்பில் கூட்டினால் 260-ஐ ஒட்டி வருகிறது. மீதி 190-க்கு மேல் கிராமங்களுக்குள்ளே சுற்றியது. அவர் தினமும் அனுப்பிய டீலர் வருகைப் பட்டியலோடு வைத்துப் பார்த்தால் நாளுக்கு 35, 40 கிலோமீட்டர் உள்சுற்று என்பது நியாயமாகவே இருந்தது. அப்படியே விட்டேன்.

லாட்ஜ் பில்லில்தான் அதிக நேரம் போயிற்று. முதலில் தேதி. லாட்ஜ் பில் காலி செய்யும் நாளில் போடப்படுகிறது. திங்கள் இரவு மயிலாடுதுறையில் தங்கியதற்கு பில் தேதி செவ்வாய் 7. பில் தேதியை அப்படியே ஏற்றினால் திங்கள் இரவு அவர் எங்கும் தங்காதது போலவும், வீட்டுக்கு வந்துவிட்ட சனிக்கிழமை மன்னார்குடியில் தங்கியது போலவும் காட்டும். அதனால் நான் லாட்ஜுக்குத் தனி ஷீட் வைத்து, "எந்த இரவு" என்று ஒரு பத்தி, "பில் தேதி" என்று இன்னொரு பத்தி போடுகிறேன். வரம்பு இரவுப் பத்தியைப் பார்த்துத்தான் வேலை செய்யும்.

அப்புறம் வாடகையையும் வரியையும் பிரித்து எழுத வேண்டும். காரைக்கால் பில்லின் 1,365-ஐ 1,200-ஓடு நேரடியாக ஒப்பிட்டால் 165 வெட்டிவிடுவோம். அது தம்பிக்கு அநியாயம். பில்லில் வாடகை 1,300, வரி 5 சதவீதம் 65. வரம்பு வாடகை 1,200. அதற்கு வரி 60. அனுமதி 1,260, வெட்டு 105. இதற்கு நான் வைத்திருக்கும் சூத்திரம், B வாடகை, C வரம்பு, D வரி விகிதம்:

```
=ROUND(MIN(B2,C2)*(1+D2),0)
```

வரம்பைவிடக் குறைவாகத் தங்கினால் MIN வாடகையையே எடுத்துக்கொள்ளும், அதனால் ஒரே சூத்திரம் எல்லா இரவுக்கும் போதும். வேதாரண்யத்தில் சின்ன லாட்ஜ். பில் புத்தகத்தில் கையால் எழுதிய 700, வரியே இல்லை. வரி விகிதத்தில் 0 போட்டால் 700 வந்துவிடும். ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டாத லாட்ஜ் ஜிஎஸ்டியில் பதிவு செய்ய வேண்டியதில்லை, அதனால் வரி இல்லாமல் கையால் எழுதிய பில் என்பதற்காகச் சந்தேகப்படக் கூடாது. சந்தேகப்பட வேண்டியது ஜிஎஸ்டி எண் இல்லாமல் வரி மட்டும் போட்ட பில்லைத்தான்.

மன்னார்குடியில் வாடகை 1,000, வரி 50. அது மாவட்டத் தலைநகர் இல்லை, அதனால் வரம்பு 900. அனுமதி 945, வெட்டு 105.

நாகப்பட்டினம் பில்லைப் பார்த்தபோது ஏதோ உறுத்தியது. வாடகை 1,000, வரி 120. மற்ற லாட்ஜ்களில் 5 சதவீதம், இங்கே மட்டும் 12. 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் இரவுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். அந்த லாட்ஜின் பில்லிங் கம்ப்யூட்டரில் இரண்டு வாரமாக யாரும் விகிதத்தை மாற்றவில்லை. போன் செய்தேன். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டு, "அனுப்பிடறோம் மேடம்" என்று சொல்லி, மறுநாளே பில்லைத் திருத்தி 1,050-க்கு அனுப்பினார். தம்பிக்கு 70 ரூபாய் யூபிஐயில் திரும்பி வந்தது. திருத்தும்போதே எங்கள் நிறுவனத்தின் பெயரையும் ஜிஎஸ்டி எண்ணையும் போடச் சொன்னேன். அது ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. மயிலாடுதுறையும் காரைக்காலும் மாவட்டத் தலைநகர்தானா? ஊரில் யாரைக் கேட்டாலும் ஆமாம் என்பார்கள். ஆனால் எங்கள் விதியில் "மாவட்டத் தலைநகர்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஊர்ப் பட்டியல் ஒன்று அடித்திருக்கிறது: தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், திருச்சி, கடலூர். அந்தப் பக்கம் 2018-இல் அடித்தது. அப்போது மயிலாடுதுறை நாகப்பட்டினம் மாவட்டத்துக்குள் ஓர் ஊர். தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 2020 டிசம்பர் 28-இல், தமிழ்நாட்டின் 38-ஆவது மாவட்டமாக. காரைக்காலோ தமிழ்நாடே இல்லை, புதுச்சேரியைச் சேர்ந்த மாவட்டம். அதனால் பட்டியலில் அதற்கு இடமே கொடுக்கவில்லை.

பட்டியலை எழுத்துக்கு எழுத்து பிடித்தால் இரண்டு ஊருக்கும் வரம்பு 900. மயிலாடுதுறையில் வாடகை 1,100, வரி 55, மொத்தம் 1,155. அதில் 945-தான் கிடைக்கும். காரைக்காலிலும் 1,260-க்குப் பதில் 945. தம்பிக்கு 525 ரூபாய் இழப்பு. விதியின் நோக்கத்தைப் பார்த்தால் அவர் பக்கம்தான் நியாயம். ஆனாலும் என் இஷ்டத்துக்கு 1,200 போடவில்லை. நான் ஒரு தடவை மனத்துக்கு நியாயமாகப் பட்டதைப் போட்டுவிட்டால், அடுத்த மாதம் வேறொருவருக்கு வேறு கிளார்க் வேறு மாதிரி போடுவார், அப்புறம் யாருக்கு எது என்று சண்டை வரும். அந்த இரண்டு வரியையும் மஞ்சள் நிறமடித்து நிறுத்திவைத்து, மேனேஜருக்கு ஒரு மெயில் எழுதினேன்: பட்டியலில் இல்லாத இந்த இரண்டு ஊரையும் தலைநகராக எடுத்துக்கொள்ளலாமா, எடுத்தால் இவ்வளவு, எடுக்காவிட்டால் இவ்வளவு. சார் மதியத்துக்குள் பதில் போட்டார், இரண்டையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி. பட்டியலைத் திருத்தி எல்லாருக்கும் அனுப்பவும் சொன்னார். அந்த மெயிலை அச்சிட்டு லாட்ஜ் பில்லின் பின்னால் வைத்தேன். வரம்பை விலக்கும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு கையெழுத்து இருக்க வேண்டும்.

ஐந்து இரவையும் கூட்டினால் அனுமதி 1,155, 1,260, 1,050, 700, 945, மொத்தம் 5,110. மொத்தமாகக் கூட்டிப் பார்க்கும் முறையில் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். ஐந்து இரவின் வாடகை 5,100. வரம்பு மூன்று 1,200-ம் இரண்டு 900-மாக 5,400. "300 ரூபாய் மிச்சம்" என்று தோன்றும், எதுவும் வெட்டப்படாது. வேதாரண்யத்தில் 200 குறைத்துத் தங்கியதும் நாகப்பட்டினத்தில் 200 குறைத்துத் தங்கியதும், காரைக்காலிலும் மன்னார்குடியிலும் கூடுதலாகப் போனதை மறைத்துவிடும். "அங்க மிச்சம் பிடிச்சேனே அக்கா, அதை இங்க ஈடுகட்டக் கூடாதா?" என்று தம்பியும் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். சில நிறுவனங்கள் டூர் முழுவதற்கும் சராசரி எடுக்க அனுமதிக்கின்றன. எங்கள் விதியில் அப்படி ஒரு வரி இல்லை. இருந்தால் அப்படியே போட்டிருப்பேன்.

சாப்பாட்டுக்கு வரம்பு நாளுக்கு. ஒரு நாளில் மூன்று பில் இருக்கும், அதனால் பில்லுக்குப் பக்கத்தில் வரம்பை எழுத முடியாது. நாளுக்கு ஒரு வரி போட்ட இன்னொரு ஷீட் வேண்டும். Bills என்ற ஷீட்டில் A தேதி, C தலைப்பு, E தொகை. நாள் ஷீட்டில் A தேதி, B அந்த நாளின் வரம்பு:

```
=MIN(SUMIFS(Bills!E:E, Bills!A:A, A2, Bills!C:C, "உணவு"), B2)
```

போட்டதும் செவ்வாய்க்கிழமைக்கு 0 வந்தது. தம்பி அன்று மூன்று வேளையும் சாப்பிட்டிருக்கிறார், மூன்று பில்லும் என் எதிரில் இருந்தன. இந்த இடத்தில் 0-வை நம்பி அடுத்த வேலைக்குப் போய்விட்டால் தம்பியின் 400 ரூபாய் காணாமல் போகும். அதனால்தான் எப்போதும் ஒரு சோதனை வைத்திருக்கிறேன்: வரம்பு போடுவதற்கு முன்னால் நாள்வாரித் தொகைகளின் கூட்டல், Bills ஷீட்டில் உணவு என்ற தலைப்பின் மொத்தக் கூட்டலோடு ஒத்துப்போக வேண்டும். Bills-இல் 2,065, நாள்வாரியில் 1,610. வித்தியாசம் 455, சரியாகச் செவ்வாயின் தொகை. காரணம் தேதி எழுதிய விதம். மற்ற நாட்களில் 06/10/2025 என்று சாய்கோடு போட்டு அடித்த நான், செவ்வாய்க்கு மட்டும் கைப்பழக்கத்தில் 07.10.2025 என்று புள்ளி வைத்து அடித்திருந்தேன். எங்கள் ஷீட் அதைத் தேதியாக எடுத்துக்கொள்ளாது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம்: தேதி என்றால் கட்டத்தின் வலது ஓரத்தில் நிற்கும், எழுத்து என்றால் இடது ஓரத்தில். புள்ளியைச் சாய்கோடாக மாற்றியதும் 455 வந்தது.

அந்த 2,065-இல் வியாழக்கிழமை பில் ஒன்றைப் பாதிதான் சேர்த்திருந்தேன். வேதாரண்யத்தில் மதியச் சாப்பாடு 380. தனி ஆளுக்கு அதிகமாக இருக்கிறதே என்று பில்லைப் பார்த்தால் இரண்டு சாப்பாடு, இரண்டு மீன் வறுவல். யாரோடு சாப்பிட்டார் என்று கேட்டேன். டீலரை அழைத்துப் போயிருக்கிறார்; அன்று மதியம் அவரிடம் சம்பாவுக்கான துத்தநாக உரத்துக்கு ஆர்டரும் எடுத்திருக்கிறார். பில்லை அப்படியே உணவில் வைத்தால் அன்றைய மொத்தம் 75, 380, 110 சேர்ந்து 565, வரம்பு போக 165 வெட்டு விழும். ஆனால் டீலரின் சாப்பாடு தம்பியின் சாப்பாடு அல்லவே. பில்லை 190, 190 என்று பிரித்து ஒரு பாதியை "டீலர் உபசரிப்பு" என்ற தலைப்பில் வைத்தேன். பில்லின் பின்பக்கம் டீலரின் கடைப் பெயர், ஆர்டர் எண், யார் யார் சாப்பிட்டார்கள் என்று தம்பி கையால் எழுதிக் கையெழுத்திட, மேனேஜர் ஒப்புதல் கொடுத்தார். தம்பியின் பங்கு 375, வரம்புக்குள். இரண்டு ஆள் சாப்பிட்ட பில்லைக் கண்டுபிடிக்கத் தொகையை மட்டும் பார்த்தால் போதாது, எண்ணிக்கைப் பத்தியைப் படிக்க வேண்டும்.

மற்ற நாட்களில் திங்கள் 365, புதன் 320, சனி 140, மூன்றும் முழுதாக. சனிக்கிழமை 11 மணிக்கே திரும்பியதால் வரம்பு 200. செவ்வாய் 455-க்கு 400, வெள்ளி 410-க்கு 400. உணவு அனுமதி 2,000, வெட்டு 65.

இதரச் செலவில் கூரியர் 80, ஜெராக்ஸ் 30, இரண்டுக்கும் சீட்டு உண்டு. மன்னார்குடி பேருந்து நிலையத்திலிருந்து மாதிரி விதை மூட்டையை டீலர் கடைக்கு ஏற்றிப்போன ஆட்டோவுக்கு 120. ஆட்டோவில் யார் ரசீது கொடுக்கிறார்கள்? காரணம் எழுதிக் கையெழுத்து வாங்கி 100 அனுமதித்தேன்.

கடைசியில் சுருக்கம். தம்பிக்கும் மேனேஜருக்கும் போவது இந்த ஒரு பக்கம்தான். வெட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் காரணம் இருந்தால்தான் அதை அனுப்புவேன்.

| தலைப்பு | கேட்டது | அனுமதி | வெட்டு | காரணம் |
|---|---|---|---|---|
| தங்கல் | 6,755 | 5,110 | 1,645 | கார்டு சீட்டு இரட்டிப்பு 1,365, வரம்பு 210, லாட்ஜ் திருப்பிய வரி 70 |
| உணவு | 2,065 | 2,000 | 65 | நாள் வரம்பு: 7-ஆம் தேதி 55, 10-ஆம் தேதி 10 |
| டீலர் உபசரிப்பு | 190 | 190 | 0 | 9-ஆம் தேதி, ஒப்புதல் உண்டு |
| பைக் | 2,716 | 1,816 | 900 | பெட்ரோல் கி.மீ. கட்டணத்துக்குள் அடக்கம் |
| இதரம் | 230 | 210 | 20 | ரசீது இல்லாத ஆட்டோ, வரம்பு 100 |
| மொத்தம் | 11,956 | 9,326 | 2,630 | |

அட்வான்ஸ் 6,000 கழித்து, கொடுக்க வேண்டியது 3,326. கேட்டதிலிருந்து 2,630 குறைந்தது பெரிய தொகையாகத் தெரியும். ஆனால் அதில் 1,365 அவர் செலவே செய்யாதது, 900 கி.மீ. கட்டணத்திலேயே கிடைத்துவிட்டது, 70 லாட்ஜே திருப்பிவிட்டது. அவர் கையைக் கடித்தது 295 மட்டும்தான்: லாட்ஜில் 210, சாப்பாட்டில் 65, ஆட்டோவில் 20. இதைச் சுருக்கத்தின் அடியில் தனியாக எழுதிவிடுவேன். வெறும் 2,630 என்று பார்த்தால் யாருக்கும் மனம் கலங்கும். தம்பி இந்த வரியைப் படித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். வெள்ளிக்கிழமை 17-ஆம் தேதி பணம் அவர் வங்கிக் கணக்குக்குப் போய்விட்டது.

இனி லாட்ஜ் பில்லில் ஜிஎஸ்டி எண் ஏன் கேட்டேன் என்பது. ஓட்டல் சாப்பாட்டின் வரியை நிறுவனம் தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள முடியாது, ஆனால் வேலைக்காகத் தங்கிய அறையின் வரியைக் கழித்துக்கொள்ளலாம். அதற்கு பில் நிறுவனத்தின் பெயரில், எங்கள் எண்ணோடு இருக்க வேண்டும். மயிலாடுதுறை, மன்னார்குடி பில்கள் தம்பியின் பெயரில் மட்டும் இருந்தன. அந்த வரி முழுக்கச் செலவில் போயிற்று. காரைக்கால் பில்லில் எங்கள் எண் இருந்தும் பயனில்லை. லாட்ஜின் எண் 34 என்று தொடங்கியது, அது புதுச்சேரியின் எண். எங்களுடையது தமிழ்நாட்டின் 33. அறைக்கான வரி, கட்டடம் எந்த எல்லையில் இருக்கிறதோ அந்த எல்லையைச் சேரும். தமிழ்நாட்டில் மட்டும் பதிவு பெற்ற நாங்கள் புதுச்சேரி வரியைக் கழிக்க முடியாது. டெல்டாவில் வேலை பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நாகூரில் தங்கினால் 33, சில கிலோமீட்டர் வடக்கே போய்க் காரைக்காலில் தங்கினால் 34. பில்லைக் கையில் வாங்கியதும் அந்த முதல் இரண்டு இலக்கத்தைப் பார்க்கும்படி தம்பியிடம் சொல்லி, எங்கள் ஜிஎஸ்டி எண்ணை ஒரு அட்டையில் அடித்து அவர் பர்ஸில் வைக்கக் கொடுத்தேன். நாள்வாரிக்கு ஆறு காகித உறைகளும் கொடுத்திருக்கிறேன். பிளாஸ்டிக் கவர் இனி வேண்டாம்.

நாகப்பட்டினம் பில் ஒன்றுதான் தேறியது, மத்திய வரி 25-ம் மாநில வரி 25-மாக 50 ரூபாய். நமக்கு விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களை ஜிஎஸ்டி தளம் மாதாமாதம் காட்டும் பட்டியல் GSTR-2B. நவம்பர் 14-ஆம் தேதி அதைத் திறந்து பார்த்தேன், அந்த பில் அதில் இல்லை. லாட்ஜுக்குப் போன் செய்து கேட்டதில், அவர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கணக்குத் தாக்கல் செய்பவர்கள் என்று தெரிந்தது. அக்டோபர் பில் ஜனவரி 14-இல்தான் எங்கள் பக்கம் தெரியும். அதுவரை அந்த 50 ரூபாயை எடுக்கக் கூடாது. பில் நகலை ஜனவரிக் கோப்பில் வைத்து, நாட்காட்டியில் குறித்துவிட்டேன்.